பிளஸ் குறி போட்ட 12 பேரை என்ன செய்வது? (காப்லான்-மையர், லாக்-ரேங்க்)

முதலாண்டு_புள்ளியியல்

வணக்கம். சர்வைவல் அனாலிசிஸ் வகுப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. முதல் பயிற்சியிலேயே மாட்டிக்கொண்டேன். 1963-ல் வெளியான அக்யூட் லுகேமியா ஆய்வின் தரவைக் கொடுத்திருக்கிறார்கள். நோய் அடங்கிய நிலைக்கு வந்த 42 பேரில் 21 பேருக்கு மெர்காப்டோப்யூரின் மருந்து, 21 பேருக்குப் போலி மருந்து. நோய் எத்தனை வாரம் அடங்கியிருந்தது என்பதுதான் எண்.

```
மருந்து: 6 6 6 6+ 7 9+ 10 10+ 11+ 13 16 17+
         19+ 20+ 22 23 25+ 32+ 32+ 34+ 35+
போலி:   1 1 2 2 3 4 4 5 5 8 8 8 8
         11 11 12 12 15 17 22 23
```

பிளஸ் போட்டிருந்தால், அந்த வாரம் வரை நோய் திரும்பவில்லை, அதற்கு மேல் தெரியாது என்று பொருளாம். தெரியாததை வைத்து என்ன செய்வது என்று அந்த 12 பேரையும் எடுத்துவிட்டேன். மருந்துக் குழுவின் சராசரி 12.1 வாரம், போலிக் குழுவுக்கு 8.7. டி-டெஸ்ட் போட்டுக் கொடுத்தேன். ஆசிரியர் பக்கம் முழுவதும் கோடு போட்டு, "மிக நன்றாக இருந்தவர்களைத் தூக்கி எறிந்திருக்கிறாய்" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். நான் எங்கே தவறினேன்?

---

பழைய_பெஞ்ச்

ஆசிரியர் சொன்னது சரி. பிளஸ் உள்ளவர்களுக்கு நோய் திரும்பவில்லை அல்லவா? அவர்களைக் கடைசி வரை நன்றாக இருந்தவர்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். 21 பேரில் 9 பேருக்குத் திரும்பியது, 12 பேருக்கு இல்லை. அதாவது 57 சதவீதம். வளைவு அங்கே போய் நிற்கும். காப்லான்-மையர் அவ்வளவுதான்.

---

இரவுப்பாடம்

தம்பி பழைய_பெஞ்ச், பாதி சரி. அவர்களை எடுத்துவிடக் கூடாது என்பது சரி. ஆனால் 6-வது வாரத்தோடு கணக்கை விட்டு வெளியே போனவர் 35-வது வாரம் வரை நன்றாக இருந்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்? மாணவி செய்தது ஒரு பக்கம் சாய்ந்தால், இது மறுபக்கம் சாய்கிறது.

ஒருவரைப் பற்றி நமக்கு எது தெரியுமோ அதை மட்டும் பயன்படுத்த வேண்டும், தெரிகிற வரை முழுதாகப் பயன்படுத்த வேண்டும். 19+ என்றால் 19 வாரம் அவர் கணக்கில் இருந்தார். அந்த 19 வாரத்தில் யாருக்காவது நோய் திரும்பினால், "எத்தனை பேரில் ஒருவருக்கு?" என்ற கேள்வியின் பதிலில் அவரும் சேர்வார். 20-வது வாரத்திலிருந்து சேரமாட்டார்.

மருந்துக் குழுவைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். நோய் திரும்பிய வாரங்களில் மட்டும் நின்றால் போதும். 6-வது வாரத்தில் 21 பேர் இருந்தார்கள், 3 பேருக்குத் திரும்பியது. எஞ்சியது 18/21, அதாவது 0.857. 7-வது வாரம் வரும்போது அந்த மூவரும் இல்லை, 6+ போட்டவரும் இல்லை. எனவே கணக்கில் 17 பேர். ஒருவருக்குத் திரும்பியது, எஞ்சியது 16/17. இரண்டையும் பெருக்குங்கள்: 0.857 × 16/17 = 0.807. 7-வது வாரத்தைத் தாண்ட வேண்டுமானால் முதலில் 6-வதைத் தாண்டியிருக்க வேண்டும், அதனால்தான் பெருக்கல். 10-வது வாரத்தில் 9+ போட்டவரும் போய்விட்டார், 15 பேர். 0.807 × 14/15 = 0.753.

இப்படியே 13-ல் 12 பேர், 16-ல் 11 பேர், 22-ல் 7 பேர், 23-ல் 6 பேர். மதிப்புகள் 0.690, 0.627, 0.538, 0.448. அவ்வளவுதான், வளைவு முடிந்தது. 57 சதவீதம் இல்லை, 45 சதவீதம்.

ஒன்றைக் கவனியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 7-வது வாரத்தில் ஒருவருக்கு நோய் திரும்பியபோது வளைவு 5 புள்ளி இறங்கியது. 23-வது வாரத்திலும் ஒருவருக்குத்தான் திரும்பியது, ஆனால் இறக்கம் 9 புள்ளி. இடையில் பிளஸ் போட்டு வெளியேறியவர்கள் தங்கள் எடையை மிச்சமிருப்பவர்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் நிற்கும் ஒவ்வொருவரும் தனக்காகவும், போனவர்களில் ஒரு பங்குக்காகவும் நிற்கிறார்.

---

முதலாண்டு_புள்ளியியல்

நன்றி அக்கா. நோட்டில் போட்டுப் பார்த்தேன், அதே எண்கள் வந்தன. இரண்டு சந்தேகம். 6-வது வாரத்தில் 6+ போட்டவர் ஒருவர் இருக்கிறார். அவரையும் ஏன் 21-ல் சேர்த்தீர்கள்? 20 என்று வைத்தால் 17/20, 0.85 வருகிறது.

இரண்டாவது, வளைவு 23-வது வாரத்துக்குப் பிறகு 35 வரை நேராகப் போகிறது. அப்படியானால் 45 சதவீதம் பேருக்கு நோய் குணமாகிவிட்டது என்று எழுதலாமா?

---

இரவுப்பாடம்

முதல் கேள்விக்கு: ஒரே வாரத்தில் நோய் திரும்புதலும் வெளியேறுதலும் வந்தால், திரும்பியது முதலில், வெளியேறியது பிறகு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 6+ என்றால் 6-வது வாரத்தில் பார்த்தபோது அவர் நன்றாக இருந்தார் என்றுதானே பொருள்? அப்படியானால் அந்த வாரக் கணக்கில் அவர் இருந்திருக்கிறார். வாரமாக இல்லாமல் நாளாகப் பதிவு செய்திருந்தால் இந்த மோதலில் பெரும்பாலானவை தாமாகவே பிரிந்திருக்கும்.

இரண்டாவதற்கு: எழுதாதீர்கள். 23-வது வாரத்துக்குப் பிறகு கணக்கில் மிச்சம் 5 பேர்: 25+, 32+, 32+, 34+, 35+. அந்த நேர்கோடு ஐந்து பேரின் மேல் நிற்கிறது, 33-வது வாரத்தில் இரண்டே பேரின் மேல். 0.448-க்கு 95 சதவீத நம்பக இடைவெளி ஏறக்குறைய 0.25 முதல் 0.81 வரை. 36-வது வாரத்தில் என்ன நடக்கும் என்று இந்தத் தரவுக்குத் தெரியாது, வளைவும் அங்கே நின்றுவிட வேண்டும். வளைவுக்குக் கீழே ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் கணக்கில் இருந்தார்கள் என்ற வரிசை இல்லாத படத்தை நான் நம்புவதில்லை. வால் பகுதி எவ்வளவு மெலிந்தது என்று அந்த வரிசையைப் பார்த்தால்தான் தெரியும்.

---

பம்ப்_ஹவுஸ்

நான் மருத்துவத் துறை இல்லை, ஆலைப் பராமரிப்பு. எங்கள் பம்ப் பேரிங்குகளுக்கும் இதே நிலைதான். சில உடைந்தபின் மாற்றப்படும், சில அட்டவணைப்படி நன்றாக இருக்கும்போதே கழற்றப்படும். நாங்கள் இவ்வளவு சிரமப்படுவதில்லை. மொத்தப் பழுதை மொத்த ஓடிய நேரத்தால் வகுப்போம். உங்கள் தரவில் மருந்துக் குழு ஓடியது 359 வாரம், பழுது 9. போலிக் குழு 182 வாரம், பழுது 21. வாரத்துக்கு 0.025, 0.115. நாலரை மடங்கு வித்தியாசம். எப்போது மாற்றுவது என்று கேட்டால் இதிலிருந்தே சொல்லிவிடலாமே?

---

இரவுப்பாடம்

சார், எப்போது மாற்றுவது என்பது இங்கே கேள்வி இல்லை, ஆனால் உங்கள் கணக்கு நல்ல கணக்கு. பிளஸ் உள்ளவர்கள் ஓடிய வாரங்களை வகுக்கும் எண்ணில் சேர்த்துவிட்டீர்கள், எனவே மாணவி செய்த தவறு உங்களிடம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: பழுதாகும் வேகம் முதல் வாரத்திலும் முப்பதாவது வாரத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தேய்மானத்தால் போகும் பேரிங்குக்கு அது பொருந்தாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். காப்லான்-மையருக்கு அந்த நிபந்தனை தேவையில்லை. வேகம் கூடட்டும், குறையட்டும், வளைவு அப்படியே பின்தொடரும்.

இதைக் கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். 1958-ல் வந்த அந்தக் கட்டுரையை எழுதிய இருவரில் காப்லான் பெல் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடக் குழாய்களின் ஆயுளைப் பற்றி யோசித்தவர். மையர் மருத்துவத் தரவிலிருந்து வந்தவர். தனித்தனியாக எழுதியதைப் பிறகு ஒன்றாக்கினார்கள்.

---

முதலாண்டு_புள்ளியியல்

வளைவு புரிந்துவிட்டது. இரண்டு வளைவையும் ஒரே படத்தில் வரைந்தேன், மருந்து மேலே, போலி கீழே. போலிக் குழுவில் பாதிப்பேருக்கு 8 வாரத்துக்குள் நோய் திரும்பிவிடுகிறது, மருந்தில் அதற்கு 23 வாரம் ஆகிறது. இப்போது இந்த இடைவெளி தற்செயல் இல்லை என்று எப்படிக் காட்டுவது?

---

பழைய_பெஞ்ச்

அதற்குத்தான் லாக்-ரேங்க். இரண்டு மீடியனையும், 23-ஐயும் 8-ஐயும், ஒப்பிட்டு பி மதிப்பு தரும்.

---

இரவுப்பாடம்

இல்லை தம்பி, லாக்-ரேங்க் மீடியனைப் பார்ப்பதே இல்லை. பல ஆய்வறிக்கைகளில் மீடியனையும் பி மதிப்பையும் ஒரே வரியில் எழுதுவதால் இந்த எண்ணம் வருகிறது.

அது செய்வது ஒவ்வொரு வாரமும் ஒரு சின்னக் கேள்வி. இந்த வாரம் நோய் திரும்பியவர்கள் இத்தனை பேர். மருந்துக்கும் போலிக்கும் வேறுபாடே இல்லையென்றால், இவர்களில் எத்தனை பேர் மருந்துக் குழுவிலிருந்து வந்திருக்க வேண்டும்?

முதல் வாரம்: கணக்கில் 42 பேர், குழுவுக்கு 21. இருவருக்குத் திரும்பியது. வேறுபாடு இல்லையென்றால் குழுவுக்கு 1 எதிர்பார்க்கலாம். நடந்தது: இரண்டும் போலியில். இரண்டாம் வாரம்: மருந்தில் 21, போலியில் 19, மொத்தம் 40. மறுபடி இருவர். மருந்தில் எதிர்பார்ப்பது 2 × 21/40 = 1.05. நடந்தது பூஜ்யம். இப்படியே 5-வது வாரம் முடியும்போது மருந்துக் குழுவில் 4.94 எதிர்பார்த்திருப்போம், ஒன்றுகூட நடக்கவில்லை. போலியில் 9.

6-வது வாரத்தில் நிலை மாறுகிறது. மருந்தில் 21, போலியில் 12. மூவருக்குத் திரும்பியது, மருந்தில் எதிர்பார்ப்பு 3 × 21/33 = 1.91, நடந்தது 3. அந்த வாரம் மருந்துக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டே 23-வது வாரம் வரை போங்கள்.

கடைசியில் கூட்டினால் மருந்துக் குழுவில் எதிர்பார்த்தது 19.25, நடந்தது 9. போலியில் எதிர்பார்த்தது 10.75, நடந்தது 21. வித்தியாசம் 10.25. ஒவ்வொரு வாரத்திலும் தற்செயலாக எவ்வளவு ஆடலாம் என்பதையும் கூட்டினால் வேரியன்ஸ் 6.26. 10.25-இன் இருமடியை 6.26-ஆல் வகுத்தால் 16.8. ஒரு டிகிரி ஆஃப் ஃபிரீடமில் பி மதிப்பு 0.00004 அளவில்.

தேர்வில் ஒரு கேள்வி வரலாம்: மருந்துக் குழுவில் எதிர்பார்ப்பது ஏன் 15 இல்லை? மொத்தம் 30 நிகழ்வு, குழுக்கள் சமம், ஆளுக்குப் பாதி என்றுதானே தோன்றும்? போலிக் குழு வேகமாகக் கரைந்தது. பிறகு வந்த வாரங்களில் கணக்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மருந்துக் குழுவினர். எனவே அவர்கள் பங்கும் கூடுகிறது.

---

பழைய_பெஞ்ச்

ஒப்புக்கொள்கிறேன், மீடியன் என்று தவறாகச் சொல்லிவிட்டேன். ஆனால் வளைவுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் லாக்-ரேங்க் செல்லாது என்று படித்த நினைவு. அது சரிதானே?

---

இரவுப்பாடம்

செல்லாது என்பது கொஞ்சம் கடுமை. வேறுபாடே இல்லாத நிலையில் அது சொல்லும் பி மதிப்பு சரியாகத்தான் இருக்கும். ஆனால் மருந்து முதலில் கெடுதல் செய்து பிறகு நன்மை செய்கிறது என்றால், முன்வாரங்களின் மிகையும் பின்வாரங்களின் குறையும் ஒன்றையொன்று அடித்துவிடும். கூட்டல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், உண்மையில் இருக்கும் வேறுபாடு கண்ணில் படாது. எனவே பி மதிப்புக்கு முன் படம். இந்தத் தரவில் மருந்து வளைவு தொடக்கத்திலிருந்தே மேலே நிற்கிறது, பிரச்சினை இல்லை.

---

வார்டு_நைட்_டூட்டி

இந்த இழையைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. நான் முதுநிலை மருத்துவம். என் தீசிஸ் டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றியது, ஒரு மருத்துவமனையில் 84 பேர். அவர்களில் 19 பேர் நடுவில் வருவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக வந்த தேதியில் பிளஸ் போட்டு வளைவு வரைந்துவிட்டேன். வளைவு மிக அழகாக இருக்கிறது, ஓராண்டில் உயிரோடு இருப்பவர் விகிதம் எங்கள் வார்டில் நான் கண்ணால் பார்ப்பதைவிட அதிகம். என் மனதில் உறுத்துவது இதுதான்: டயாலிசிஸை நிறுத்தியவர்கள் வீட்டில் நன்றாகவா இருந்திருப்பார்கள்?

---

இரவுப்பாடம்

டாக்டர், உங்கள் உறுத்தல் நியாயமானது. இந்த முறையின் உயிர்நாடியே அந்தக் கேள்வியில் இருக்கிறது.

பிளஸ் போட்டவர் தன் எடையை மிச்சமிருப்பவர்களிடம் விட்டுவிட்டுப் போகிறார் என்று மேலே சொன்னேன். போனவரும் இருப்பவரும் ஒரே நிலையில் இருந்தால்தான் அது நேர்மையான கைமாற்றம். லுகேமியா ஆய்வில் பிளஸ் வந்ததற்கு முக்கியக் காரணம் ஆய்வை முடித்துக் கணக்கெடுத்த நாள். ஒருவர் தாமதமாகச் சேர்ந்தார் என்பதற்காக அவருக்கு நோய் சீக்கிரம் திரும்பாது. உங்கள் 19 பேர் அப்படி இல்லை. வர முடியாத அளவுக்கு உடல் மோசமானவர்கள், பண வசதியில்லாதவர்கள், ஊர்ப்பக்கம் வேறு மையத்துக்கு மாறியவர்கள் எல்லாம் கலந்திருப்பார்கள்.

இதைத் தரவை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அறிகுறிகள் உண்டு: நிறுத்தியவர்களின் கடைசி வருகைப் பரிசோதனை எண்கள் மற்றவர்களைவிட மோசமா? நிறுத்தியது ஒரு குழுவில் மட்டும் அதிகமா? அப்புறம் இரண்டு எல்லைகளையும் வரைந்து பாருங்கள். 19 பேரும் நிறுத்திய உடனேயே இறந்ததாக ஒரு வளைவு, 19 பேரும் ஆய்வு முடியும் வரை உயிரோடு இருந்ததாக இன்னொன்று. உண்மை நடுவில் எங்கோ. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், உங்கள் தீசிஸ் எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு அதுதான் எல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்ப்பிருந்தால் தொலைபேசியில் விசாரியுங்கள். பத்துப் பேரின் நிலை தெரிந்தாலே படம் மாறலாம்.

---

வார்டு_நைட்_டூட்டி

எண்கள் பதிவேட்டில் இருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதியில் தொலைபேசி விசாரணை உண்டா என்று நாளை பார்க்கிறேன். நன்றி மேடம்.

---

முதலாண்டு_புள்ளியியல்

கணினியில் ஓட்டிப் பார்த்தேன். இந்தத் தரவு ஆர் மென்பொருளிலேயே இருக்கிறது. ஆனால் எனக்கு வந்த படத்தில் போலிக் குழு மேலே 1-இல் நேர்கோடாகப் போகிறது, ஒருவருக்குமே நோய் திரும்பாத மாதிரி! பத்தி பெயர் `cens` என்று இருந்ததால், 1 என்றால் சென்சார் ஆனவர், அதாவது பிளஸ் போட்டவர் என்று நினைத்து `cens == 0` என்று எழுதியிருந்தேன்.

---

இரவுப்பாடம்

அந்தப் பெயர் பலரைக் குழப்பியிருக்கிறது. அந்தப் பத்தியில் 1 என்றால் நோய் திரும்பியது, 0 என்றால் பிளஸ். நேர்கோடு வந்ததால் உடனே பிடித்துவிட்டீர்கள். இரண்டு குழுவிலும் பிளஸ் கலந்திருந்தால் தவறான வளைவும் பார்க்க ஒழுங்காகவே இருந்திருக்கும். எனவே முதலில் நிகழ்வு எண்ணிக்கையைச் சரிபாருங்கள்: மருந்தில் 9, போலியில் 21 வர வேண்டும்.

```
library(survival)
library(MASS)
survfit(Surv(time, cens) ~ treat, data = gehan)
survdiff(Surv(time, cens) ~ treat, data = gehan)
```

---

முதலாண்டு_புள்ளியியல்

வந்துவிட்டது! மீடியன் 23, 8. கை-ஸ்கொயர் 16.8. நோட்டில் போட்டதும் இதுவும் ஒன்றுதான். அதே தரவில் `pair` என்று இன்னொரு பத்தி இருக்கிறதே, அது எதற்கு?

---

பழைய_பெஞ்ச்

இது எனக்குத் தெரியும். அந்த ஆய்வில் நோயாளிகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஜோடியில் ஒருவருக்கு மருந்து, மற்றவருக்குப் போலி கொடுத்தார்கள். 21 ஜோடி. அப்படியானால் 42 பேரையும் ஒரே கூட்டமாகக் கலந்து லாக்-ரேங்க் போடுவதே தவறு. ஜோடிக்குள் ஒப்பிட வேண்டும். நான் எண்ணிப் பார்த்தேன்: 18 ஜோடிகளில் போலி பெற்றவருக்கு நோய் முதலில் திரும்பியது, 3 ஜோடிகளில் மருந்து பெற்றவருக்கு.

---

இரவுப்பாடம்

இந்த முறை நன்றாகப் பிடித்தீர்கள் தம்பி. மாதிரியின் முடிவில் `+ strata(pair)` சேர்த்தால் ஒவ்வொரு ஜோடியும் தனி லாக்-ரேங்க் ஆகும். ஜோடியில் முதலில் யாருக்குத் திரும்பியது என்பது மட்டும் எண்ணப்படும், அதற்குப் பிறகு ஒருவரே மிச்சம், ஒப்பிட ஆள் இல்லை. கையாலேயே போடலாம்: எதிர்பார்ப்பது குழுவுக்கு 10.5, நடந்தது 18-ம் 3-ம். 7.5-இன் இருமடியை 5.25-ஆல் வகுத்தால் 10.7. பி மதிப்பு 0.001 அளவில். முடிவு மாறவில்லை, பலம் குறைந்திருக்கிறது.

ஆனால் கலந்து போடுவது "தவறு" என்பதை நான் ஏற்கவில்லை. ஜோடி சேர்த்த காரணம் நோயின் போக்கோடு பலமாகத் தொடர்புடையதாக இல்லையென்றால், ஜோடிக்குள் அடைத்துக்கொள்வது ஏராளமான தகவலை வீணாக்குகிறது. 35 வாரம் தாண்டியவரும் 6 வாரம் தாண்டியவரும் தங்கள் ஜோடிக்குள் ஒரே ஒரு வெற்றியாகவே எண்ணப்படுகிறார்கள்.

---

பழைய_பெஞ்ச்

ஆய்வை வடிவமைத்த விதத்திலேயே பகுப்பாய்வும் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. தகவல் வீணாவது பிடிக்கவில்லை என்பதற்காக வடிவமைப்பை மறந்துவிடலாமா? 16.8 பெரிதாக இருப்பதாலேயே அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

---

இரவுப்பாடம்

கற்பிக்க எளிது என்பதால் என்று நினைக்கிறேன். என் வகுப்பில் இரண்டையும் போடச் சொல்வேன். அறிக்கையில் முதன்மையாக எதை வைப்பது என்பதில் என் சக ஆசிரியர்களும் உங்கள் பக்கம்தான், நான் இன்னும் மறுபக்கம்.

---

முதலாண்டு_புள்ளியியல்

நான் இரண்டையும் எழுதி, ஜோடிக் கணக்கை முதலில் வைத்துக் கொடுக்கப் போகிறேன். கீழே ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கில் எத்தனை பேர் என்ற வரிசையும் போட்டுவிட்டேன் அக்கா. 33-வது வாரத்துக்கு நேரே 2 என்று எழுதியபோதுதான் அந்த நேர்கோடு எனக்குப் புரிந்தது.